ஆப் செய்து தருகிறோம் என்று மலைக்கு வருகிறவர்கள்: 85,000 ரூபாய் போன கதை

கொடைக்கானலில் சாக்லேட், தைல எண்ணெய், மலைப்பூண்டு விற்கும் சிறிய கடை எங்களுடையது. கீழே சமவெளியிலிருந்து வந்த, ஆப் தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் எங்களிடமிருந்து 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நேற்று மாலையோடு என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டது. சீசன் தொடங்கும் முன் இதே ஆட்கள் வேறு கடைகளுக்கும் ஏறி இறங்குவார்கள் என்பதால், கோபம் ஆறும் முன்பே எழுதுகிறேன்.

வந்த பையன் மரியாதை தெரிந்தவன். "அண்ணே, வெப்சைட் எல்லாம் பழசுண்ணே, இனி ஆப் இருந்தாத்தான் கடை" என்று சொல்லிக்கொண்டே, என் அப்பாவின் போனை வாங்கி எதையோ நிறுவினான். திரையில் எங்கள் கடைப் பெயரும், அப்பா கையால் எழுதிய பழைய பலகையின் படமும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் வந்து நின்றன. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்திலேயே 50,000 ரூபாய் முன்பணம் போய்விட்டது. ஆப் பிளே ஸ்டோரில் ஏறிய அன்று மீதி 35,000 ரூபாயும் போனது.

ஆப்பைத் திறந்தால், எங்கள் பழைய இணையதளம்தான் அப்படியே உள்ளே இருந்தது: விரலால் விரித்தால் மட்டுமே படிக்க முடிந்த அதே பொடி எழுத்து, அதே மெதுவான படங்கள். சந்தேகப்பட்டுப் போனை ஃபிளைட் மோடில் போட்டுத் திறந்தேன். கடைப் பெயர் மறைந்து, `net::ERR_INTERNET_DISCONNECTED` என்ற பிழைச் செய்தி வந்தது. இணையம் இல்லாவிட்டால் எந்த ஆப்பிலும் சில வசதிகள் நிற்கும் என்பது வேறு. ஆனால் தனக்கென்று பட்டியல், மெனு எதுவும் இன்றி உலாவியின் பிழைப்பக்கத்தையே காட்டினால், அது இணையதளத்துக்கு மாட்டிய வெறும் உறை. வெப்வியூ என்பார்கள், அனுபவசாலிக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை.

கேட்டபோது முதலில் "சர்வர் அப்டேட் ஓடுதுண்ணே" என்றார்கள், பிறகு "டெவலப்பர் லீவு" என்றார்கள். ஐபோன் பதிப்பு எங்கே என்றதற்கு "ஆப்பிள்காரன் ரிஜெக்ட் பண்ணிட்டான், அவன் அப்படித்தான்" என்று பதில் வந்தது. இணையதளத்தை மட்டும் சுற்றிக் கட்டிய ஆப்புகளை ஆப்பிள் ஏற்பதில்லை என்பது அவர்களுடைய விதிமுறையிலேயே 4.2 என்ற பிரிவில் இருப்பதை, ஐபோனுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியவர்கள் அறியாமலா இருந்திருப்பார்கள்?

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. பிளே ஸ்டோரில் எங்கள் ஆப் அவர்களுடைய கணக்கில்தான் ஏறியிருக்கிறது. ஒருமுறை 25 டாலர் கட்டினால் கடைக்காரரே தம் பெயரில் கணக்கு திறக்கலாம். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஆப்பை மாற்றவும் கூகுள் வழி வைத்திருக்கிறது. மாற்றித் தரக் கேட்டதற்கு இன்னும் 15,000 ரூபாய் வேண்டும் என்றார்கள். கொடுத்த 85,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லுங்கள் என்று எழுதினேன். பிளாக் ஆனது அதன் பிறகுதான்.

உண்மையில் எங்களுக்கு ஆப் தேவையே இருக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒருமுறை வரும் சுற்றுலாப் பயணி. அரைக் கிலோ சாக்லேட்டுக்காக யாரும் போனில் இடம் ஒதுக்குவதில்லை. 2024 மே முதல் மலையேறக் கட்டாயமான இ-பாஸையே அவர்கள் `epass.tnega.org` தளத்தை உலாவியில் திறந்து எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆப் பயன்படுவது, ஒரே ஆள் வாரந்தோறும் திரும்பி வரும் தொழிலில்: பால், மளிகை வீட்டு விநியோகம், வண்டி ஓடும் இடத்தைத் தொடர்ந்து காட்ட வேண்டிய டாக்சி, சிக்னல் இல்லாத எஸ்டேட்டில் எடையைப் பதிந்து பிறகு அனுப்ப வேண்டிய வேலை போன்றவை.

எங்கள் தளத்தின் பொடி எழுத்துக்குக் காரணம், பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு வரி இல்லாததுதான் என்று உறவுக்காரத் தம்பி ஒருவன் கண்டுபிடித்தான்:

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

அதைச் சேர்த்து, அகலமான பட்டியலை ஒற்றை வரிசையாக்கி, கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியிருந்த 4 எம்பி படங்களை 200 கேபிக்குள் சுருக்கி, ஒவ்வொரு பொருளின் கீழும் `wa.me` வாட்ஸ்அப் இணைப்பைப் போட்டான். அவனுக்குச் செலவு ஒரு மாலைப்பொழுது. பணம் கொடுத்தாலும் வாங்கவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இவ்வளவு: மீதிப் பணம் தரும் முன் ஃபிளைட் மோடில் போட்டுப் பாருங்கள். பிளே ஸ்டோர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். இணையதளப் பெயரின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்காதீர்கள். இதே பையன் உங்கள் கடைக்கு வந்தால், 85,000 ரூபாய் ரசீதுடன் நான் காத்திருப்பதாகச் சொல்லுங்கள்.