தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணம் மலேசியாவில் செல்ல எது நல்லது: அப்போஸ்டிலா, தூதரகச் சான்றொப்பமா, இங்கேயே பதிவா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சம்பந்தம் பேசும்போது மண்டபம், நகை, விமான டிக்கெட் வரை பேசி முடித்துவிடுகிறார்கள். எந்த நாட்டில் பதிவு செய்வது, சான்றிதழில் எந்த முத்திரை வாங்குவது என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிய பிறகு, பெண்ணை அழைத்துக்கொள்ளப் போகும்போதுதான் அது எழுகிறது. அதற்குள் ஏஜெண்டு ஒருவர் “அப்போஸ்டில் முத்திரை போட்டுத் தருகிறேன், உலகம் முழுவதும் செல்லும்” என்று சொல்லிப் பணம் வாங்கியிருப்பார். அந்த வாக்குறுதி மலேசியாவுக்குப் பொருந்தாது. இது பல குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் பிரிவைக் கொடுத்திருப்பதால், மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், இந்த முத்திரைகள் எதைச் சொல்கின்றன என்பது தெரிய வேண்டும். சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று அவற்றில் எதுவும் சொல்வதில்லை. கையெழுத்திட்ட அதிகாரி உண்மையில் அந்தப் பதவியில் இருப்பவர், அந்த முத்திரை அவருடைய அலுவலகத்தினுடையது என்பதை மட்டும் உறுதி செய்கின்றன. சார்பதிவாளரின் கையெழுத்து சுங்கை சிப்புட்டில் உள்ள அதிகாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரு கையெழுத்து வரை சங்கிலி போட வேண்டும். வழிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் எல்லாம் அந்தச் சங்கிலியின் நீளத்தில்தான் இருக்கிறது.

அப்போஸ்டில்

1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி வருவது இது. சான்றிதழ் கொடுத்த நாடு ஒரே ஒரு முத்திரை போடும். உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. சதுரக் கட்டம், பத்து எண்ணிட்ட வரிகள், மேலே பிரெஞ்சு மொழியில் தலைப்பு என்று பார்த்தவுடனே அடையாளம் தெரியும். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருமணச் சான்றிதழ் என்றால் முதலில் மாநில அரசின் உள்துறை சரிபார்க்கும், பிறகு வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் ஒட்டும். அமைச்சகம் இப்போது பொதுமக்களிடம் நேரடியாக வாங்குவதில்லை. அது நியமித்த சேவை மையங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். ஏஜெண்டு கேட்கும் ஆயிரங்கள் அலைச்சலுக்கும் கூரியருக்கும் அவருடைய லாபத்துக்கும் போகின்றன.

வேகம், செலவு இரண்டிலும் இதற்கு ஈடு இல்லை. ஆனால் இது வேலை செய்ய இரண்டு நாடுகளும் உடன்படிக்கையில் இருக்க வேண்டும். இந்தியா இருக்கிறது, சிங்கப்பூர் 2021 முதல் இருக்கிறது, இந்தோனேசியா 2022 முதல் இருக்கிறது. மலேசியா இல்லை. ஆகவே இந்திய அப்போஸ்டில் மட்டும் ஒட்டிய திருமணச் சான்றிதழை ஏற்கும் கடமை இங்குள்ள எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. மறுபக்கமும் அப்படியே: மலேசியாவில் கொடுத்த பிறப்புப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் வாங்கவே முடியாது. சான்றிதழ் எந்த நாட்டுடையதோ அந்த நாடுதான் அதைப் போட முடியும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தூதரகச் சான்றொப்பம்

நீளமான வழி இது. மலேசியாவுக்கு, பெரும்பாலும் இதுதான் வழி.

ஒரு மாப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பெண் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் போவதற்கு முன்பே ஒரு காகிதம் இங்கிருந்து கிளம்ப வேண்டும். அவருக்கு வேறு திருமணம் பதிவாகவில்லை என்று தேசியப் பதிவிலாகா, அதாவது ஜே.பி.என்., கொடுக்கும் கடிதம் அது. தமிழ்நாட்டில் பதிவாளர் அதைக் கேட்பார். அதை வாங்கி, புத்ராஜெயாவில் மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் தூதரகப் பிரிவில் சான்றொப்பம் பெற்று, பிறகு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் காட்ட வேண்டும். வரிசை மாறக் கூடாது. விஸ்மா புத்ராவின் கையெழுத்து இந்தியத் தூதரகத்துக்குத் தெரியும், ஜே.பி.என். கிளை அலுவலரின் கையெழுத்து தெரியாது. மலாயில் உள்ள ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு கேட்டால், தெரிந்தவர் செய்து கொடுத்தது போதாது. மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்ய வேண்டும்.

கல்யாணம் முடிந்ததும் சங்கிலி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள் கிடைக்கும். மாப்பிள்ளை அதுவரை காத்திருக்கக் கூடாது. விமானம் ஏறுவதற்கு முன் பதிவை முடித்து, சான்றிதழில் இரண்டு மூலப் பிரதிகள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று முத்திரைகள் சுமந்து ஊர் ஊராகப் போகும். மற்றது வீட்டில் சுத்தமாக இருக்கும். முத்திரைகள் வாங்கிய பிரதி மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சகம், பிறகு புது டில்லியில் உள்ள மலேசியத் தூதரகம் அல்லது சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகம் என்ற படியில் ஏறும். மூன்றாவது முத்திரைதான் இங்கே செல்லுபடியாகும். மற்ற இரண்டும் அதற்கு ஏறும் படிகள்.

இந்த வழியில் இன்னொரு கடமை ஒளிந்திருக்கிறது. மலேசியக் குடிமக்கள் வெளிநாட்டில் செய்யும் திருமணத்தை, 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். இது முஸ்லிம் அல்லாதோருக்கான சட்டம். சான்றொப்பத்துக்காக அந்த வாசலுக்குப் போகும்போதே இந்தப் பதிவையும் கேட்டு முடித்துவிட வேண்டும். பிறகு பெண்ணின் நீண்டகாலத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தியச் சான்றிதழோடு மலேசியப் பதிவும் கையில் இருக்கும். ஆறு மாதம் தாண்டினால் விளக்கமும் அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் முத்திரையில் அல்ல, பெயரில்தான். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்த பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் இருக்கும். பாஸ்போர்ட்டில், இன்னாரின் மகன் என்று மலாயில் சொல்லும் ‘அனாக் லெலாகி’ என்பதன் சுருக்கமும் சேர்ந்து நிற்கும். இந்திய அலுவலர் அதைப் பெயரின் ஒரு பகுதியாக நினைத்துச் சான்றிதழில் ஏற்றிவிடுவார், அல்லது தந்தை பெயரையே விட்டுவிடுவார். இதற்கு ஒரே மருந்து, முதல் முத்திரைக்கு முன் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாகப் பார்ப்பது. தவறு இருந்தால் அந்தந்தப் பதிவு அலுவலகத்தில் திருத்தி, புதிய பிரதி வாங்கி, பிறகு முத்திரைக்குப் போக வேண்டும். முத்திரைக்குப் பின் திருத்தினால் எல்லாம் முதலிலிருந்து. பிளாஸ்டிக் உறை போட்ட பழைய பத்திரத்துக்கும் இதே கதி: அதன் மீது முத்திரை பதிக்க முடியாது, ஜே.பி.என்.-னில் சான்றிட்ட நகல் எடுக்க வேண்டும். முத்திரைத் தாள்களைப் பிணைத்திருக்கும் ஊசியை நகல் எடுப்பதற்காகக் கழற்றிவிடாதீர்கள். பிரிந்த தாளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உள்ளூர் சத்தியப் பிரமாண ஆணையரிடம் நகலுக்குக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது உள்நாட்டுத் தேவைக்குச் சரி. வெளிநாட்டுக்குப் போகும் நகலுக்கு நோட்டரி பப்ளிக் வேண்டும். அவர் அதற்கென நியமனம் பெற்ற வழக்கறிஞர்.

முதலில் இங்கேயே பதிவு

பெண் முன்கூட்டியே வர முடியுமானால், மூன்றாவது வழியை நான் முதலில் வைப்பேன். ஜே.பி.என்.-னில் விண்ணப்பம் கொடுத்து, 21 நாள் அறிவிப்பு முடிந்ததும் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, கோயில் கல்யாணத்தைத் தஞ்சாவூரில் வைத்துக்கொள்வது. மணமகளின் இந்தியத் திருமண நிலைச் சான்று ஒன்றுதான் சான்றொப்பத்தோடு வர வேண்டும். திருமணச் சான்றிதழ் பிறக்கும்போதே மலேசியச் சான்றிதழாக இருக்கும். அதை இங்கே ஏற்கவைக்க எந்த முத்திரையும் தேவையில்லை. இந்தியாவில் பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ப்பது போன்ற தேவைக்கு மட்டும் விஸ்மா புத்ராவும் இந்தியத் தூதரகமும் வரும்.

இதன் சுமை, இரண்டு பயணம். பதிவுக்கு முன் பெண்ணை வெளிநாடு அனுப்பச் சில பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமான தயக்கம். அவர்களுக்குத் தூதரக வழிதான். தம்பதி பிறகு ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போகக்கூடும் என்றால், இந்தியச் சான்றிதழின் இன்னொரு பிரதிக்கு அப்போஸ்டிலும் வாங்கிவைப்பது பயனுள்ளது; அந்த நாடுகளில் அதற்கு மதிப்பு உண்டு. ஜெர்மனி என்றால் வேண்டாம். அது இந்தியா சேர்வதற்கு எதிர்ப்புத் தெரிவித்த நாடு.

தாய் தந்தையின் திருமணச் சான்றும் கேட்கப்பட்டால், தோட்டக் குடும்பங்கள் பதற வேண்டாம். 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களை அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லத்தக்கவை என்றே ஏற்கிறது. காகிதம் இல்லையென்றால் ஜே.பி.என்.-னில் தாமாக முன்வந்து பதிவு செய்யலாம். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

பெண் இந்தியாவிலேயே பிரசவிக்கத் திட்டமிட்டால், இந்தக் கணக்கு எல்லாமே அவசரமாகிவிடும். திருமணம் சட்டப்படி செல்லுபடியாகி இருந்தால்தான் பிள்ளைக்குத் தந்தை வழியாக மலேசியக் குடியுரிமை கிடைக்கும். இல்லையென்றால் தாயின் நிலையே பிள்ளைக்கும். ஆகவே திருமணப் பதிவைப் பிரசவத்துக்கு முன் முடித்து, பிறப்பை ஒரு வருடத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்கும் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. பெற்றோர் பெயர்கள் திருமணச் சான்றிதழில் உள்ளபடியே அதில் வருகிறதா என்று மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.