பாரஃபார்மால்டிஹைடா, மெத்தனாலா? ஒளிரும் ஆன்டிபாடிச் சாயமேற்றலில் முதல் முடிவு

கவர்ஸ்லிப்பில் வளர்த்த ஹீலா செல்களில் நுண்குழல்களை, அவற்றின் புரதமான ஆல்ஃபா டியூபுலினைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் ஒளிரவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செல்களை எதைக் கொண்டு நிலைப்படுத்துகிறோம் என்பதே அடுத்த படிகளில் பெரும்பாலானவற்றைத் தீர்மானித்துவிடுகிறது.

மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் போதும். அது புரதங்களை நீரிழக்கச் செய்து படியவைக்கிறது. சவ்வின் கொழுப்பையும் கரைத்துவிடுவதால் தனியாகத் துளையிடத் தேவையில்லை. நுண்குழல்கள் பெரும்பாலும் கூர்மையான இழைகளாகத் தெரிகின்றன. ஆனால் கரைநிலையிலுள்ள புரதங்கள் கழுவப்பட்டுவிடுகின்றன, பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் ஒளி மங்குகிறது, செல்லின் இன்னொரு இழைப் புரதமான ஆக்டினின் இயல்பு வடிவம் குலைவதால் அதைக் காட்டும் ஃபாலாய்டின் ஒட்டுவதில்லை. ஆக்டினையும் அதே செல்லில் பார்க்க விரும்புபவருக்கு மெத்தனால் உதவாது.

4 சதவீத பாரஃபார்மால்டிஹைடு புரதங்களைக் குறுக்குப் பிணைப்புகளால் அவை இருந்த இடத்திலேயே பூட்டுகிறது. அறை வெப்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வழக்கம். நுண்குழல்கள் குளிரில் கலைந்துவிடும் என்பதால் கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுவது என் வழக்கம். பனிக்கட்டியில் இருந்த கரைசலை அப்படியே ஊற்றினால் இழைகள் துண்டுதுண்டாகத் தெரியக்கூடும். நீண்ட நேரம் விட்டால் ஆன்டிபாடி பிடிக்கும் இடமே மறைந்துபோகலாம்.

இவ்வழியில் சவ்வைத் தனியே திறக்க வேண்டும். 0.1 முதல் 0.2 சதவீத டிரைட்டான் டிடர்ஜென்ட் பத்து நிமிடத்தில் கருவுறை உட்பட எல்லாவற்றையும் திறந்துவிடும். நுண்குழலுக்கு அதுவே ஏற்றது. சவ்வுப் புரதத்தைத் தேடுபவருக்கு மென்மையான சபோனின் நல்லது, ஆனால் அதன் விளைவு நிலைத்திருக்காது. ஆன்டிபாடிக் கரைசல்களிலும் அதைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

ஆன்டிபாடி வேண்டாத இடங்களில் ஒட்டாமலிருக்கச் செய்யும் தடுப்புக்குப் பொதுவான விதி, முதன்மை ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி எந்த விலங்கில் உருவானதோ அதன் சீரத்தை 5 சதவீதம் சேர்ப்பது. எலியின் டியூபுலின் ஆன்டிபாடிக்கு ஆட்டிலிருந்து வந்த இரண்டாம் ஆன்டிபாடி என்றால் ஆட்டுச் சீரம். ஒருமுறை முதன்மை ஆன்டிபாடி ஆட்டிலிருந்து வந்தது, இரண்டாவது கழுதையிலிருந்து. பழக்கதோஷத்தால் ஆட்டுச் சீரத்தையே ஊற்றினேன். சீரத்தில் இருந்த ஆட்டு ஆன்டிபாடிகளை எல்லாம் இரண்டாவது பிடித்துக்கொண்டு செல் முழுவதும் பச்சையாக மின்னியது. முதன்மை ஆன்டிபாடியே இடாத கவர்ஸ்லிப்பும் அதே அளவு மின்னியதால்தான் தவறு விளங்கியது.

முதன்மை ஆன்டிபாடியில் மோனோகுளோனல் ஒரே இடத்தைப் பிடிப்பதால், குறுக்குப் பிணைப்பு அந்த இடத்தை மறைத்தால் ஒளி இல்லாமலே போகலாம். பல இடங்களைப் பிடிக்கும் பாலிகுளோனல் அப்போது தப்பிக்கும், ஆனால் பின்னணி ஒளி கூடலாம். ஒரே செல்லில் எலி ஆன்டிபாடியும் முயல் ஆன்டிபாடியும் சேரும்போது, மற்ற விலங்கின் ஆன்டிபாடிகளைப் பிடிப்பவற்றை நீக்கிச் சுத்திகரித்த இரண்டாம் ஆன்டிபாடிகளையே வாங்குவேன். அவற்றின் கூடுதல் விலையைவிட, ஒரு நிறம் இன்னொன்றில் கசிந்த படத்தை வைத்து வாரக்கணக்கில் குழம்புவதே பெரிய செலவு.