மாதம் பத்து வீதமா, “ஏறப்போகிற” பங்கா?

காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்த இரண்டு ஆசைவார்த்தைகளும் வீடு தேடி வரலாம்.

வைப்புக்கு மாதம் பத்து வீத வட்டி என்பதைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். ஒரு இலட்சம் வட்டிக்கு வட்டியாக ஐந்து வருடம் நின்றால் மூன்று கோடியைத் தாண்டும். எந்தத் தொழிலும் அப்படிக் கொடுக்காது. புதிதாகச் சேருபவரின் காசுதான் பழையவருக்குப் போகிறது. வைப்பு வாங்க உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கி இணையத்தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லையா, பேச்சு முடிந்தது.

எனக்குக் கூடுதல் பயம் பங்கில்தான். ஏனென்றால் கம்பனியும் உண்மை, தரகரும் உண்மை. கொழும்புப் பங்குச் சந்தையில் நாளுக்குச் சில ஆயிரம் மட்டும் கைமாறும் 3 ரூபாய்ப் பங்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். சிலர் அதை முதலே அமைதியாக வாங்கிச் சேர்ப்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் “இந்த வாரம் இரட்டிப்பு” என்று செய்தி வரும். விலை 8 ரூபாய் ஆனதும் நீங்கள் 4 இலட்சத்துக்கு 50,000 பங்கு வாங்குகிறீர்கள். உங்களுக்கு விற்பவர்களே முதலில் வாங்கிச் சேர்த்த அவர்கள்தான். அவர்கள் போனபின் வாங்க ஆளில்லை. விலை 3க்குத் திரும்பினால் மிச்சம் ஒன்றரை இலட்சம்.

வாங்குமுன் cse.lk-இல் அந்தக் கம்பனியின் அறிவித்தல்களைப் பாருங்கள். புதிய செய்தி எதுவும் இல்லாமல் விலையும் கைமாறும் அளவும் ஒன்றாகப் பாய்ந்திருந்தால், அந்தப் பங்கைத் தொடாதீர்கள்.