கறுப்புப் பின்னணியில் எடுத்த நகையை மினுக்கம் குறையாமல் வெட்டி எடுப்பது: என் அனுபவம்

நகைக்கடைகளுக்குப் பட்டியல் படங்கள் செய்து கொடுப்பது என் வேலை. கறுப்பு வெல்வெட், கறுப்பு அக்ரிலிக் பலகை இரண்டின் மேலும் எடுத்த படங்கள்தான் அதிகம் வரும். அதில் நகையை மட்டும் வெட்டி எடுத்து, வெள்ளையிலோ மெரூன் பட்டு நிறத்திலோ வைத்துத் தர வேண்டும். ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டையும் சில வருடங்களாக இதற்குப் பயன்படுத்துகிறேன். எந்த வழி எதற்கு ஒத்துவருகிறது என்பதை ஒரு நகையை வைத்தே சொல்கிறேன். வடசேரி வேலைப்பாட்டு ஜிமிக்கி, கெம்புக் கல் பதித்தது, கீழே முத்து வரிசை. இந்த வேலையின் எல்லாச் சிக்கல்களும் அதற்குள் இருக்கின்றன.

முதலில், ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்கும் வசதிகள். துணிக்கும் மண்பாத்திரத்துக்கும் அவை பரவாயில்லை. பளபளக்கும் தங்கத்துக்கு உதவுவதில்லை. மெருகேற்றிய உலோகம் தன் நிறத்தைவிடச் சுற்றியிருப்பதைத்தான் அதிகம் காட்டும். கறுப்பின் நடுவில் வைத்த ஜிமிக்கியின் குடை விளிம்பு பல இடங்களில் கறுப்பைத்தான் பிரதிபலிக்கிறது. அங்கே உலோகத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசமே இருக்காது. அந்த இடத்தில் மென்பொருள் விளிம்பைக் கடித்துவிடும். குடையின் ஓரம் எலி கொறித்த மாதிரி வந்தால் காரணம் இதுதான்.

இரண்டாவது சிக்கல் இதற்கு நேர் எதிர். கல்லின் முனையிலும் தங்கப் பொட்டுகளிலும் வெளிச்சம் தெறிக்கும் இடத்தில், அந்த ஒளி நகையின் எல்லையைத் தாண்டிக் கறுப்பின் மேலும் கொஞ்சம் பரவியிருக்கும். விளிம்போடு வெட்டினால் அந்தப் பரவல் போய்விடும். "மினுக்கம் எங்க போச்சு தம்பி?" என்று கடைக்காரர் கேட்பது அதைத்தான்.

அதனால் நான் நகையின் உடலையும் அது வீசும் ஒளியையும் தனித்தனியாக எடுக்கிறேன். உடலுக்கு விளிம்பு உண்டு, அதை வெட்டலாம். ஒளிக்கு விளிம்பு கிடையாது, அதைப் பின்னணியோடு கலக்கத்தான் வேண்டும்.

உடலுக்குப் பென் டூல்தான், அதை வைத்து விளிம்பை ஒட்டிக் கோடாக ஒரு பாதை போட வேண்டும். கறுப்புக்குள் தொலைந்த விளிம்பைக் கண்டுபிடிக்க, மேலே ஒரு Curves லேயர் போட்டு நிழல் பகுதியை நன்றாகத் தூக்கிவிடுவேன். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் குடையின் கோடு மெல்ல வெளிப்படும். ரா ஃபைல் இருந்தால் இது நன்றாகத் தெரியும், ஜேபெக்கில் பாதிதான் கிடைக்கும். பாதை போட்டு முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம். பாதை, தெரியும் விளிம்பிலிருந்து ஒரு பிக்சல் உள்ளே போக வேண்டும். விளிம்புப் பிக்சல்களில் ஏற்கெனவே கறுப்பு கலந்திருக்கும். அவற்றையும் சேர்த்து எடுத்தால் வெள்ளையில் வைக்கும்போது நகையைச் சுற்றிக் கரிக்கோடு போட்ட மாதிரி தெரியும். தேர்வாக மாற்றும்போது ஃபெதர் 0.5 பிக்சல் போதும். அதற்கு மேல் போனால் தங்கம் மெழுகு மாதிரி ஆகிவிடும். முத்துகளுக்கு நடுவே உள்ள சந்துகளையும் தனிப் பாதையாகப் போட்டுக் கழிக்க வேண்டும். நேரம் அதிகம் எடுப்பது இங்கேதான், குறுக்கு வழி இல்லை.

படம் எடுப்பதும் நம் கையில் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஜிமிக்கியை நூலில் தொங்கவிட்டு, கேமராவை முக்காலியில் பூட்டி, வழக்கமான படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதையும் அசைக்காமல் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து, அதன் மேல் மட்டும் வெளிச்சம் அடித்து, முன் விளக்குகளை அணைத்து இன்னொரு படம். நகை நிழலுருவாக விழும். அந்த இரண்டாவது படத்தை Invert செய்து, நகை வெள்ளையாகவும் பின்னணி கறுப்பாகவும் மாற்றினால் அதுதான் மாஸ்க். முத்துச் சந்துகள் எல்லாம் தானாகவே பிரிந்து வந்துவிடும். மெருகேறிய ஓரங்கள் அட்டையின் வெள்ளையைப் பிரதிபலிப்பதால் நிழலுரு ஒரு நூலளவு மெலிந்து வரும். நமக்கும் உள்ளே தள்ளித்தானே வெட்ட வேண்டும், அதனால் நல்லதுதான். ஜிமிக்கி ஆடாமல் நிற்கும்வரை காத்திருப்பது மட்டுமே சிரமம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, டைமரில் எடுங்கள்.

இனி ஒளி. வைக்கப்போகும் பின்னணி மெரூன் மாதிரி அடர்நிறமாக இருந்தால், அசல் படத்தின் இன்னொரு நகலை உடல் லேயருக்குக் கீழே வைத்து Screen முறைக்கு மாற்றுவேன். அதில் சுத்தக் கறுப்பு கீழே உள்ள நிறத்தை மாற்றாது, வெளிச்சம் மட்டும் கூடும். ஆனால் வெல்வெட் ஒருபோதும் சுத்தக் கறுப்பாக விழுவதில்லை. பூஜ்யத்துக்குப் பதில் 15, 20 என்று நிற்கும். அப்படியே விட்டால் மெரூனின் மேல் மங்கலான ஒரு சதுரம் தெரியும். அந்த நகலுக்கு மட்டும் Levels-இல் கறுப்பு முனையை 25 வாக்கில் தள்ளினால் சதுரம் மறையும். வெல்வெட்டில் ஒட்டியிருந்த தூசும் நட்சத்திரம் மாதிரி மின்னும், அதனால் ஒளி தெறிக்கும் இடங்களை மட்டும் மாஸ்கில் திறந்துவிட்டு மற்றதை மூடிவிடுகிறேன்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. கடைக்காரர் பிஎன்ஜி கேட்டால் Screen அதற்குள் போகாது. பிஎன்ஜியில் நிறமும் ஒளிபுகும் அளவும்தான் இருக்கும், கலக்கும் முறைக்கு இடமில்லை. இங்கேதான் கிம்ப் கைகொடுக்கிறது. ஒளி நகலுக்கு Colors பட்டியலில் Color to Alpha போய், நிறமாகக் கறுப்பைக் கொடுத்தால், கறுப்பு இருந்த அளவுக்கு ஒளிபுகும் தன்மையாக மாறிவிடும். பாதி வெளிச்சமான பிக்சல் பாதி ஒளிபுகும் முழு வெளிச்சப் பிக்சல் ஆகும். கிம்ப் 2.10 பதிப்பு முதல் உள்ள Transparency threshold-ஐ 0.1 அருகே வைத்தால் வெல்வெட்டின் சாம்பலும் போய்விடும். இதை நகையின் உடலுக்குச் செய்யக் கூடாது, தங்கத்தின் இருண்ட பகுதியெல்லாம் ஓட்டையாகும். ஒளி லேயருக்குச் செய்து, உடலை மேலே வைத்து, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். கிம்ப் திரையில் பரவல் தெரியும் விதமும் உலாவியில் தெரியும் விதமும் கொஞ்சம் மாறலாம். கொடுப்பதற்கு முன் ஒருமுறை உலாவியில் மெரூன் பின்னணியில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

வெள்ளைப் பின்னணிக்கு வந்தால் இந்த ஒளி லேயரால் பயனில்லை. வெள்ளைக்கு மேல் வெள்ளை ஒளி தெரியாது. அங்கே மினுக்கம் முழுக்க நகையின் உள்ளிருந்துதான் வர வேண்டும், அதாவது வெள்ளைப் பொட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இருட்டிலிருந்து. கறுப்பில் எடுத்த தங்கம் வெள்ளையில் கனமாகத் தெரிகிறதே என்று நிழலைத் தூக்கிவிடுவார்கள். உடனே தங்கம் மஞ்சள் பெயின்ட் ஆகிவிடும். நான் நிழலைத் தொடுவதில்லை. நடுத்தர வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றி, மிக வெளிச்சமான பொட்டுகளை அப்படியே விடுகிறேன்.

கெம்புக் கல்லில் இது நன்றாகவே வரும், அதன் பின்பக்கம் மூடியிருக்கும், கல்லுக்குள் பின்னணி தெரியாது. பின்புறம் திறந்த அமெரிக்கன் டைமண்டில் கறுப்பு கல்லுக்குள்ளேயே புகுந்திருக்கும். வெள்ளையில் வைத்தால் கல் கருகித் தெரியும். எந்த வெட்டும் அதைச் சரிசெய்யாது. அந்த வகை நகை வெள்ளைப் பட்டியலுக்கு என்றால், கறுப்பில் எடுக்காமல் வெளிர் சாம்பல் பலகையில் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லி வேலையைத் திருப்பிவிடுகிறேன்.