பொத்தான் நடையா, விதி நடையா, அட்டவணையா? ஓர் ஆசனப் பதிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தல்

அக்கரைப்பற்றில் புறப்பட்டு கல்முனை, மட்டக்களப்பு வழியாகக் கொழும்பு போகும் ஓர் இரவு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஆசனங்கள் இணையத்திலும் விற்கின்றன, கல்முனை கவுண்டரிலும் விற்கின்றன. இணையத்தில் ஓர் ஆசனத்தைத் தெரிந்தால், பணம் கட்ட 10 நிமிடம் அது பிடித்து வைக்கப்படும். கட்டாவிட்டால் விடுபடும். பஸ் உரிமையாளரையும் கவுண்டரில் இருப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை, சோதனைக் காட்சிகளைச் சாதாரண வசனங்களில் எழுதும் கெர்கினில் எழுத மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, திரையில் நடப்பதை அப்படியே எழுதுவது: "தேடு பொத்தானை அழுத்துகிறார், 12 என்ற கட்டத்தைத் தொடுகிறார், பெயர்ப் பெட்டியில் எழுதுகிறார்..." புதிதாக வரும் சோதனையாளர்களுக்கு இது வசதிதான். ஆனால் பதினைந்து வரிக்குள் அந்த 10 நிமிட விதி எங்கே இருக்கிறதென்று உரிமையாளரால் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது வரியிலேயே தலையாட்டத் தொடங்கிவிடுவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுக்கக்கூடாது. பொத்தானின் பெயர் மாறினால், விதி மாறாமலே இருபது காட்சிகள் ஒன்றாகத் தோற்கும் என்பது இன்னொரு தொல்லை.

இரண்டாவது, விதி நடை. திரையை மறந்து, தொழிலில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுவது:

```gherkin
# language: ta
அம்சம்: ஆசனப் பதிவு

காட்சி: பிந்தி வந்த பணம், கைமாறிய ஆசனம்
  கொடுக்கப்பட்ட இணையப் பயணி பிடித்த 12ஆம் ஆசனத்தின் 10 நிமிடம் கடந்துவிட்டது
  மற்றும் கல்முனை கவுண்டர் அதே ஆசனத்தை விற்றுவிட்டது
  எப்போது இணையப் பயணியின் பணம் வந்து சேர்கிறது
  அப்பொழுது ஆசனம் கவுண்டர் பயணிக்கே உரியது
  மற்றும் இணையப் பயணிக்கு முழுப் பணமும் திருப்பப்படும்
```

முதல் வரியை விட்டால், காட்சிகளை ஓட்டும் கருவி ஆங்கிலச் சொற்களையே எதிர்பார்த்துப் பிழை காட்டும். இந்தக் காட்சியை வாசித்ததும் கவுண்டர்காரர் வாய் திறப்பார்: "ஆசனம் கைமாறாமல் சும்மா கிடந்தால்? அப்பவும் காசைத் திருப்பவா?" இந்தக் கேள்விக்காகத்தான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் நிரலாளருடையது அல்ல, உரிமையாளருடையது. ஆசனம் வெறுமையாக இருந்தால் அதே பயணிக்கே கொடுக்கலாம் என்று அவர் முடிவெடுத்தால், அது தனிக் காட்சியாகும்.

விதி நடைக்கும் ஒரு பலவீனம் உண்டு. "10 நிமிடம் கடந்துவிட்டது" என்றால் சரியாகப் பத்தாவது நிமிடமும் கடந்ததில் சேருமா என்பது அந்த வசனத்தில் இல்லை. எல்லைக்கு மூன்றாவது வழியான அட்டவணைதான் கைகொடுக்கும்:

```gherkin
காட்சி சுருக்கம்: பணம் வந்த நேரம்
  கொடுக்கப்பட்ட 12ஆம் ஆசனம் 19:00:00 மணிக்குப் பிடிக்கப்பட்டது
  எப்போது மணி <நேரம்> ஆகும்போது பணம் வந்து சேர்கிறது
  அப்பொழுது பிடிப்பின் நிலை "<நிலை>"

  எடுத்துக்காட்டுகள்:
    | நேரம்    | நிலை     |
    | 19:09:59 | உறுதி    |
    | 19:10:00 | காலாவதி |
```

இரண்டாவது வரிசையைக் காட்டி, "சரியாகப் பத்து நிமிடத்தில் வந்தால் இல்லை என்றுதானே?" என்று கேட்டால், ஆம் இல்லை என்ற பதில் உடனே வரும். ஒவ்வொரு வரிசையும் தனிக் காட்சியாக ஓடும், ஆகவே எது தோற்றது என்பதும் தெரியும். அட்டவணையின் தலைப்பில் ஒரு எழுத்து பிசகி `<நேரம்>` பொருந்தாமல் போனால், அந்தச் சொல் அப்படியே காட்சியின் அந்த வரியில், அதாவது படியில், நிற்கும். "வரையறுக்கப்படாத படி" என்று கருவி சொல்லும்போது முதலில் தலைப்பைப் பார்க்க வேண்டும்.

அட்டவணை ருசித்தவர்கள் எல்லாவற்றையும் அதற்குள் போட ஆசைப்படுவார்கள். "கவுண்டர் விற்றதா?" என்று ஒரு நெடுவரிசை, "பணம் திரும்புமா?" என்று இன்னொன்று, "யாருக்கு ஆசனம்?" என்று வேறொன்று. பாதிக் கட்டங்களில் கோடு மட்டும் போடவேண்டி வந்தால், இரண்டு விதிகள் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டன என்று அர்த்தம். மேலே கைமாறிய ஆசனம் தனிக் காட்சியாக நிற்பது அதனால்தான்.

எந்த நடையில் எழுதினாலும், படிக்குப் பின்னால் உள்ள நிரல் உண்மையாகவே பத்து நிமிடம் காத்திருக்கக்கூடாது. கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி பதிவு நிரலை அமைத்தால், சோதனை நேரத்தைத் தானே 19:10:00க்கு நகர்த்திவிடும். கணினியின் நேரத்தை நேரடியாக வாசிக்கும் நிரலில் அந்த ஒரு செக்கன் எல்லையை நம்பகமாகச் சோதிப்பது கடினம். சிலர் காத்திருப்பை 10 செக்கனாகக் குறைத்துச் சமாளிப்பார்கள். அது ஒருநாள் தேறும், சேவையகம் மந்தமான நாளில் தோற்கும்.

உரிமையாளர் வாசிக்க வேண்டிய விதிக்கு விதி நடையும், எண்ணால் பிரியும் எல்லைக்கு மட்டும் இரண்டு நெடுவரிசை அட்டவணையும் போதும். பொத்தான் நடைக்கு இங்கே வேலையில்லை. பணம் கட்டும் திரை உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு தேவைப்படலாம், அவற்றைக் கெர்கினில் எழுதாமல் சாதாரண உலாவிச் சோதனையாகவே நிரலாளர் வைத்துக்கொள்ளட்டும்.