மலை ஏத்தத்துல ஏஎம்டியா, டார்க் கன்வெர்ட்டரா? கணக்கு போட்டு பாத்துடலாம்

எங்க மாமா பையன் கார் வாங்கப் போறான், ஆட்டோமேட்டிக் தான் வேணுமாம். ஏஎம்டி எடுத்தா விலையும் கம்மி மைலேஜும் நல்லா வருது, அப்புறம் எதுக்கு டார்க் கன்வெர்ட்டருக்கு அவ்ளோ காசு குடுக்கணும்னு கேட்டான். அவங்க குடும்பத்தோட அடிக்கடி கொல்லிமலை போவாங்க, 70 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டையே வச்சு சொல்றேன், ஏன்னா இந்த ரெண்டுக்கும் உண்மையான வித்தியாசம் தெரியுறது வண்டி நின்ன இடத்துலேர்ந்து கிளம்புற அந்த சில செகண்டுல தான்.

ஏஎம்டில இருக்கிறது நம்ம மேனுவல் வண்டில இருக்கிற அதே கிளட்ச் ப்ளேட் தான், காலுக்கு பதிலா ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்குது. கிளட்ச் வழுக்கும்போது இஞ்சின் 50 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுத்துற விசை, குடுத்தா கியர்பாக்ஸுக்கும் 50 தான் போகும், ஒரு துளி கூட சேராது, வேக வித்தியாசம் முழுக்க ப்ளேட்ல சூடா போயிடும்.

டார்க் கன்வெர்ட்டர்ல ப்ளேட்டுக்கு பதிலா ஆயில். இஞ்சினோட சேர்ந்து சுத்துற பக்கம் இம்பெல்லர், அது ஆயில வெளிப்பக்கமா வீசி எதிர்ல இருக்கிற டர்பைன் மேல அடிக்கும், டர்பைன் கியர்பாக்ஸ் ஷாஃப்டோட இணைஞ்சிருக்கு. ரெண்டு ஃபேன எதிரெதிரா வச்சு ஒண்ணை போட்டா இன்னொண்ணும் சுத்தும்னு எல்லாரும் சொல்ற உதாரணம் இதுவரைக்கும் தான் சரி. அது வெறும் ஃப்ளூயிட் கப்ளிங், 1939ல கிரைஸ்லர் ஃப்ளூயிட் டிரைவ்னு போட்டது அதைத்தான், அதுலயும் 50 போட்டா 50 தான் வரும். டர்பைன்ல அடிச்சிட்டு திரும்பி வர்ற ஆயில் இம்பெல்லர் சுத்துற திசைக்கு எதிரா வரும், அப்படியே விட்டா இம்பெல்லரை பிடிச்சு இழுக்கும். அதனால நடுவுல ஸ்டேட்டர்னு ஒரு சின்ன பிளேடு சக்கரம் வச்சாங்க, அது அந்த ஆயில மடக்கி இம்பெல்லர் போற திசையிலயே திருப்பி விடுது.

டார்க் பெருகுறது இந்த மடக்குற இடத்துல தான். ஆயில மடக்கும்போது ஸ்டேட்டரை அது எதிர்ப்பக்கமா தள்ளும், ஆனா ஸ்டேட்டர் ஒன்வே கிளட்ச்ல உக்காந்திருக்கு, அந்தப் பக்கம் சுத்தவே சுத்தாது, கியர்பாக்ஸ் ஹவுசிங்கோட பிடிச்சு நிக்கும். அந்த பிடிப்பு தான் கூடுதல் டார்க். இம்பெல்லர் 100 குடுக்குது, ஸ்டேட்டர் 100 தாங்குதுன்னா டர்பைன்ல 200. நெம்புகோலுக்கு ஊன்ற ஒரு கல்லு வேணும்ல, ஸ்டேட்டர் தான் அந்தக் கல்லு. இதுக்கு விலை வேகம், டர்பைன் இம்பெல்லரை விட மெதுவா தான் சுத்தும், சும்மா எதுவும் வரல.

இப்போ கொல்லிமலைக்கு வாங்க. ஆளும் லக்கேஜும் சேர்த்து வண்டி 1400 கிலோன்னு வைங்க, 6 அடிக்கு 1 அடி ஏத்தம், வளைவுல எதிர்ல பஸ் வந்து நின்னுட்டீங்க. பின்னாடி உருளாம வண்டியை பிடிக்கவே சுமார் 2300 நியூட்டன் தள்ளு வேணும், டயர் ஆரம் 30 செமீன்னா வீல்ல கிட்டத்தட்ட 690 நியூட்டன் மீட்டர், ஃபர்ஸ்ட் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 14 மடங்குன்னு ரெண்டு வண்டிக்கும் ஒண்ணா எடுத்துக்கிட்டா கியர்பாக்ஸ் உள்ள போற இடத்துல 49 வேணும்.

ஏஎம்டில அந்த 49ஐ இஞ்சினே முழுசா குடுக்கணும். பிரேக்கை விட்டுட்டு 1000 ஆர்பிஎம்ல கிளட்ச வழுக்க விட்டு நிறுத்தினீங்கன்னா சுமார் 5 கிலோவாட் சூடு அந்த காஞ்ச ப்ளேட்ல இறங்குது, அஞ்சு பெரிய அயர்ன் பாக்ஸ் ஒரே நேரத்துல ஓடுற மாதிரி. வாசனை வர்றதும் சில வண்டில டிஸ்பிளேல சூடு வார்னிங் வர்றதும் இதனால தான். ரெண்டு கிளட்ச் வச்ச டிசிடி ஆட்டோமேட்டிக்ல காஞ்ச கிளட்ச் இருக்கிறதும் இந்த விஷயத்துல அதே கட்சி.

டார்க் கன்வெர்ட்டர்ல நிக்கும்போது இரட்டிப்பு கிடைக்குதுன்னு வைங்க, பெரும்பாலான கார்ல 2 பக்கம் தான் இருக்கும், அப்போ இஞ்சின் 25 குடுத்தா போதும். இம்பெல்லர் இழுக்குற டார்க் ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், அதாவது 2000ல 100 இழுக்குற கன்வெர்ட்டர் 1000ல 25 தான் இழுக்கும். ஆக 1000ஐ தொட்டவுடனே வண்டி அந்த ஏத்தத்துல பின்னாடி உருளாம நின்னுடும். சூடு 2.6 கிலோவாட், அதாவது பாதி, அதுவும் தேயுற ப்ளேட்ல இல்ல, ஆயில்ல, ஆயில் கூலருக்கு போயிட்டு வந்துடும். ஐடில்ல 750ன்னா டர்பைன்ல 28 தான் வரும், சமதளத்துல தானா ஊர்ந்து போக அது தாராளம், இந்த ஏத்தத்துக்கு பத்தாது, கொஞ்சம் பின்னாடி உருளும், அதுக்குத்தான் பிரேக்கை சில செகண்ட் தானா பிடிச்சு வைக்கிற ஹில் ஹோல்ட். என்னைக் கேட்டா மலைக்கும் சிட்டி டிராஃபிக்குக்கும் கன்வெர்ட்டர் தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா வண்டி ஓட ஆரம்பிச்சா இந்த நன்மை கரைஞ்சுடும். டர்பைன் இம்பெல்லரோட வேகத்துல 85, 90 சதவீதம் எட்டும்போது ஆயில் ஸ்டேட்டரோட முதுகுப்பக்கம் அடிக்க ஆரம்பிக்கும், ஒன்வே கிளட்ச் விட்டுடும், ஸ்டேட்டர் சும்மா கூட சுத்தும், பெருக்கல் முடிஞ்சுது. அதுக்கப்புறம் அது வெறும் ஃப்ளூயிட் கப்ளிங் தான், இஞ்சின் 2000ல ஓடினா கியர்பாக்ஸுக்கு 1920 தான் போகும், அந்த 4 சதவீதம் ஹைவேல மணிக்கணக்கா ஆயில சூடாக்கிட்டே இருக்கும். பழைய ஆட்டோமேட்டிக்னாலே பெட்ரோல் குடிக்கும்னு பேர் வந்ததுக்கு இது ஒரு காரணம்.

லாக்கப் கிளட்ச் இதுக்குத்தான். டர்பைன் பக்கம் ஒரு உராய்வு ப்ளேட், ஆயில் பிரஷர் அதை முன்பக்க கவர்ல அழுத்திடும், கவர் இஞ்சினோட சுத்துறது, ஆக இஞ்சினும் கியர்பாக்ஸும் மேனுவல் மாதிரி நேரா இணைஞ்சுடும், வழுக்கலே கிடையாது. 1949ல பேக்கார்ட் அல்ட்ராமேட்டிக்லயே இது வந்துடுச்சு. எப்பவுமே பூட்டி வைக்க முடியாது, ஏன்னா இஞ்சினோட அதிர்வை ஆயில் தான் விழுங்குது, பூட்டினா அது நேரா வண்டிக்கு வரும். அதனால தான் டேம்பர் ஸ்பிரிங் இருக்கு, குறைஞ்ச ஆர்பிஎம்ல கொஞ்சம் வழுக்க விட்டு பிடிக்குறாங்க. ஹைவே மைலேஜ்ல ஏஎம்டி இன்னும் கொஞ்சம் முன்னாடி இருக்கலாம், ஆனா முன்ன இருந்த இடைவெளியில பெரும்பகுதியை லாக்கப் மூடிடுச்சு.

கெட்டுப்போனா செலவு விஷயத்துல ஏஎம்டி தான் ஜெயிக்குது, ரெண்டுக்குமே கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், ஆனா ஏஎம்டில கிளட்ச் செட் மாத்திட்டு போயிடலாம், கன்வெர்ட்டர்னா செலவு கூட. அதனால செகண்ட் ஹேண்ட்ல எடுக்குறவங்க இதை பாத்துக்கோங்க. என் சித்தப்பாவோட கன்வெர்ட்டர் வண்டி 70 கிமீ வேகத்துல லேசா ஆக்சிலரேட்டர் பிடிச்சு போகும்போது கரடுமுரடு ரோட்டுல போற மாதிரி நடுங்கும், ஒரு ஒர்க்‌ஷாப்ல பிளக்கும் காயிலும் மாத்தி காசை வாங்கிட்டாங்க, நடுக்கம் போகல. அந்த வேகத்துலயே ஆக்சிலரேட்டரை விடாம பிரேக் பெடலை லைட் எரியுற அளவுக்கு மட்டும் தொட்டா பெரும்பாலான வண்டில லாக்கப் விட்டுடும், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். அப்போ நடுக்கம் உடனே நின்னா பிரச்சனை லாக்கப்ல, பிளக்ல இல்ல. அவருக்கு நின்னுச்சு, கம்பெனி சொன்ன அதே கிரேட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில மாத்தினதுல சரியாச்சு, ப்ளேட் தேஞ்சிருந்தா ஆயில் மட்டும் மாத்தி பிரயோஜனம் இருந்திருக்காது.

கிளம்பும்போது மட்டும் வண்டி செத்துப்போய், வேகம் எடுத்தப்புறம் நல்லா போச்சுன்னா ஸ்டேட்டரோட ஒன்வே கிளட்ச் பிடிக்கலைன்னு சந்தேகப்படுங்க. அதுக்கு நேர்மாறா, நல்லா கிளம்பி ஹைவேல மூச்சு முட்டி ஆயிலும் சூடானா அது இறுகிப்போச்சு. சிக்னல்ல நிறுத்தும்போது கிளட்ச் மிதிக்காம நிறுத்தின மேனுவல் மாதிரி குதிச்சு ஆஃப் ஆச்சுன்னா லாக்கப் விடாம மாட்டிக்கிட்டிருக்கு.