பேட்சைத் திரும்பப் பெறும்போது என்ன எழுதுவது? மூன்று கேப்ஷன்கள், ஓர் அலசல்

ஒரு சின்ன சிப்ஸ் தயாரிப்பாளரை எடுத்துக்கொள்வோம். இரண்டே வகை: வெறும் உப்பு, சீஸ். பேக்கிங் இயந்திரமும் ஒன்றுதான். உப்பு சிப்ஸ் முடிந்து சீஸ் ஓட ஆரம்பித்தபோது, அச்சடித்த பிளாஸ்டிக் ரோலை மாற்ற மறந்துவிட்டார்கள். பாதியில் யாரோ கவனித்து ரோலை மாற்றினார்கள், ஆனால் மேலே சொல்லவில்லை. மறுநாள் ரோல் கணக்குப் பார்க்கும்போதுதான் இடித்தது: உப்பு ரோல் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது, சீஸ் ரோலில் அதே அளவு மிச்சம். அதாவது உப்பு என்று அச்சான பாக்கெட்டுக்குள் சீஸ் சிப்ஸ் இருக்கிறது. சீஸ் மசாலாவில் பால் பவுடர் உண்டு. உப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தில் பால் என்ற வார்த்தையே கிடையாது. சரக்கு ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டது.

இப்போது சமூக வலைத்தளத்தில் அறிவிப்பு போட வேண்டும். பொதுவாக மூன்று விதமாக எழுதுவார்கள். முதல் விதம் இது:

"அன்பு வாடிக்கையாளர்களே, தரத்தில் சமரசம் செய்யாத எங்கள் நிறுவனம், முன்னெச்சரிக்கையாக, சமீபத்தில் தயாரான சில சிப்ஸ் பாக்கெட்டுகளைத் தாமாக முன்வந்து திரும்பப் பெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம். விவரங்களுக்கு எங்களைத் தொடர்புகொள்ளவும்."

இரண்டாவது, இதற்கு நேர் எதிர்:

"உப்பு சிப்ஸ், பேட்ச் 0417 திரும்பப் பெறப்படுகிறது. முழு விவரம் இணைப்பில்."

மூன்றாவது கொஞ்சம் நீளம்:

"பால் அலர்ஜி உள்ளவர்கள் சாப்பிட வேண்டாம்: உப்பு சிப்ஸ் 100 கிராம், பேட்ச் 0417.
சில பாக்கெட்டுகளில் தவறுதலாக சீஸ் சிப்ஸ் போயிருக்கிறது. அதில் பால் உண்டு. பாக்கெட்டில் அது அச்சாகவில்லை. மற்ற பேட்சுகளிலும் மற்ற வகைகளிலும் இந்தப் பிரச்சினை இல்லை.
1. பாக்கெட்டின் பின்பக்கம், மேல் ஒட்டுக்குக் கீழே பேட்ச் எண்ணைப் பாருங்கள்.
2. 0417 என்றால், எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எங்களுக்கு மெசேஜில் அனுப்புங்கள். பில் வேண்டாம். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.
3. பாக்கெட்டை வெட்டி, குப்பையில் போடுங்கள்.
4. டப்பாவில் கொட்டிவிட்டு பாக்கெட்டை எறிந்திருந்தால், அதையும் 0417 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
5. பால் அலர்ஜி உள்ள யாராவது சாப்பிட்டு உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்தப் பாக்கெட்டை மட்டும் எறியாமல் எடுத்து வையுங்கள்.
தவறு எங்களுடையது. மன்னிக்கவும்."

முதல் கேப்ஷனில் மரியாதை இருக்கிறது, தகவல் இல்லை. "சில பாக்கெட்டுகள்" என்று படித்தவர் தன் வீட்டு அலமாரியில் இருப்பது அதில் சேருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? "முன்னெச்சரிக்கை" என்பது இந்தச் சம்பவத்தில் பொய்யும்கூட; ரோல் கணக்கு இடித்து, விஷயம் உறுதியாகிவிட்டது. "தாமாக முன்வந்து" என்பது நிறுவனத்துக்குத்தான் பெருமை, பிள்ளைக்கு பால் ஒத்துக்கொள்ளாத அம்மாவுக்கு அதனால் ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கல்: இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் கேப்ஷனின் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துவிடும். அந்த இரண்டு வரியும் "அன்பு வாடிக்கையாளர்களே"வுக்கும் சமரசத்துக்கும் போய்விடுகிறது.

இரண்டாவது நேர்மையானது, ஆனால் பாதியில் நிற்கிறது. எண் இருக்கிறது, காரணம் இல்லை. காரணம் தெரியாதபோது ஆளாளுக்கு ஒன்று நினைப்பார்கள்: பூச்சியோ, எண்ணெய் கெட்டதோ. பால் அலர்ஜி இல்லாதவர் பயப்படுவார், இருப்பவர் "எண்ணெய் வாசனை ஏதோ இருந்திருக்கும்" என்று சாப்பிட்டுவிடுவார். இணைப்பை எல்லாரும் திறக்க மாட்டார்கள். பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்பக் குழுவில் போட்டால், இணைப்பு வெறும் படமாகிவிடும். குறைந்தபட்சம் சுருக்கத்துக்காக இதை அப்படியே பதிவில் போடும் படத்தின் மேல் எழுதலாம், "பால் உண்டு" என்ற ஒரு வரியைச் சேர்த்து. கேப்ஷனாகப் போதாது.

நான் மூன்றாவதையே எடுப்பேன். ஆனாலும் அதில் இரண்டு இடங்கள் விவாதத்துக்கு உரியவை.

ஒன்று, "பால் அலர்ஜி உள்ளவர்கள்" என்று குறிப்பிட்டுச் சொல்வதா, "யாரும் சாப்பிட வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்வதா? பாக்கெட்டில் உலோகத் துண்டோ சால்மோனெல்லா கிருமியோ இருந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை, எல்லாருக்கும்தான். இங்கே ஆபத்து ஒரு பகுதியினருக்கு மட்டும். "யாரும் வேண்டாம்" என்று சொன்னால், யாருக்கு உயிர்ப் பிரச்சினை என்பது கூட்டத்தில் கரைந்துவிடும். அதனால் முதல் வரி அலர்ஜி உள்ளவர்களுக்கு, பணம் எல்லாருக்கும். "மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று மட்டும் எழுத மாட்டேன். உண்மைதான் என்றாலும், அந்தப் பாக்கெட் வீட்டிலேயே கிடக்கும், நாளைக்கு வரும் விருந்தாளிப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பார்கள். கீழே கமெண்டில் "எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், நானும் பயப்படணுமா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வரும் தொல்லை. பாலிலுள்ள புரதத்துக்கு உடம்பு எதிர்வினை காட்டும் அலர்ஜி வேறு. முதலாவதில் மூச்சு நிற்காது, வயிறுதான் படுத்தும். இதை ஒருமுறை தெளிவாகப் பதிலாக எழுதி, அந்தக் கமெண்டை மேலே பின் செய்துவிடலாம்.

இரண்டு, கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்வதா, படம் போதுமா? கடைக்கு என்றால் பொருள் கைக்கு வருகிறது, எத்தனை வந்தது என்று எண்ணலாம். ஆனால் திறந்த பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக யாருக்குப் பொறுமை இருக்கும்? வந்தவற்றைக் கடைக்காரர் மூலையில் வைத்து, அப்புறம் மறந்து மறுபடி அடுக்கில் வைத்துவிட்டால் எல்லாம் வீண். படம் என்றால் வேலை வீட்டிலேயே முடிகிறது, எண்ணிக்கையும் கிடைக்கிறது. ஒரே படத்தை இருவர் அனுப்பிப் பணம் வாங்கலாம்தான். நூறு கிராம் சிப்ஸுக்கு அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதே மலிவு. கடைகளில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு வேறு வழி: கடைக்காரர்களுக்குத் தனித்தனியாகப் போன் போட்டு, பெட்டிகளை எடுத்துவைக்கச் சொல்லி, எண்ணிக்கையை எழுதி வாங்க வேண்டும். கேப்ஷனை நம்பி அதை விடக் கூடாது.

நான்காவது படிதான் பெரும்பாலான அறிவிப்புகளில் விடுபடுகிறது. சிப்ஸ் வாங்கினால் பலர் டப்பாவில் கொட்டுகிறார்கள், பேட்ச் எண் குப்பைக்குப் போய்விடுகிறது. "பாக்கெட்டைப் பாருங்கள்" என்பது அவர்களுக்கு உதவாத வாக்கியம். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் சீஸ் என்று கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். உப்பும் வெள்ளைதான், நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லவும் முடியாது. எண் இல்லாததை 0417-ஐச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் சரி, அதற்கும் பணம் கொடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது படியில் பாக்கெட்டை எடுத்து வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், மருத்துவரும் பரிசோதனைக் கூடமும் பார்க்க வேண்டியது அந்த மிச்ச சிப்ஸைத்தான். மூன்றாவது படியை அவசரமாகப் படித்தவர் அதையும் வெட்டி எறிந்துவிடக்கூடும்.

பதிவு போட்ட பிறகு 0418-லும் அதே கலப்பு தெரிய வந்தால், பழைய கேப்ஷனைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். காலையில் "என்னுடையது 0418, பரவாயில்லை" என்று மூடிவிட்டுப் போனவர் திரும்பப் பார்க்க மாட்டார். புதிய பதிவு போட்டு, முதல் வரியிலேயே 0417, 0418 இரண்டையும் எழுதி, பழையதன் தலையில் "இன்று மாலை 6 மணிக்கு 0418-ம் சேர்க்கப்பட்டது" என்று ஒட்டிவிடுங்கள்.